ஏழாயிரத்து ஐந்நூற்று நாற்பது ரூபாய்

எங்கள் கடையில் கொள்முதலுக்கு வெளியூர் போகிறவர்கள் ஒன்பது பேர். ஒன்பது பேரும் துணியை விரலிடுக்கில் தேய்த்துப் பார்த்தே அது எந்த ஊர்த் தறி என்று சொல்லிவிடுவார்கள். ஒரு பக்கம் எழுதச் சொன்னால் மட்டும் அத்தனை பேருக்கும் கை வராது. அதை எழுதிக் கொடுக்கத்தான் என்னைச் சம்பளம் கொடுத்து வைத்திருக்கிறார்கள்.

தி.நகரில் உஸ்மான் ரோட்டுக்கு உள்பக்கம் ஐந்து மாடிக் கட்டடம். நாலாவது மாடியில் கணக்குப் பிரிவு. சூரத்துக்கோ காசிக்கோ போகிறவர் கிளம்பும்போது முன்பணம் வாங்கிப் போவார். திரும்பி வந்தால் அந்த மாதக் கணக்கு மூடுவதற்குள் ஒரு பக்கக் குறிப்பு கொடுக்க வேண்டும். எவ்வளவு வாங்கினேன், எவ்வளவு செலவு செய்தேன், மீதி எவ்வளவு கட்டினேன். செலவுக்கு பில்களை எண் போட்டு ஒட்ட வேண்டும். மீதியைக் கேஷியரிடம் கட்டி ரசீது எண்ணைக் குறிப்பில் எழுத வேண்டும். எல்லாம் ஒத்துப் போனால் அவர் பேரில் நிற்கிற முன்பணம் பூஜ்யமாகும். ஒத்துப் போகாவிட்டால் காகிதம் முதலாளி மேசைக்குப் போகும். முதலாளி ஜவஹர் அண்ணாச்சி தெற்கத்திக்காரர். குறிப்பைத் தமிழில் தட்டச்சு செய்து கொடுத்தால்தான் படிப்பார், ஆனால் ஒரு வரி விடாமல் படிப்பார்.

‘மார்க்கெட்டு சுத்துன ஆட்டோ 300, வெயிலு தாங்கல’ என்று எழுதிக்கொண்டு வருவார்கள். நான் அதை ‘சந்தைக்குச் சென்று வந்த வாகனச் செலவு ரூ.300’ என்று மாற்றுவேன். வெயிலை எடுத்துவிடுவேன். ஏழு வருடமாக இதையே செய்கிறேன். பொய் சொல்லியிருந்தாலும் அதைச் சுத்தமான தமிழாக்கிக் கொடுப்பது என் வேலை, கண்டுபிடிப்பது என் மேலதிகாரி விஜயராகவன் சாருடைய வேலை. போன வருடம் துரைராஜ் அண்ணன் நாலாயிரத்துக்கு லாட்ஜ் பில்லைப் போலியாகச் செய்து வைத்து மாட்டிக்கொண்டார். பதினாறு வருடம் வேலை பார்த்தவர். அன்று சாயங்காலமே அண்ணாச்சி கணக்குத் தீர்த்து அனுப்பிவிட்டார்.

செப்டம்பர் முப்பதாம் தேதி, மாதக் கணக்கு மூடுகிற நாள். காலை பதினோரு மணிக்கு விஜயராகவன் சார் ஒரு உறையைக் கொண்டு வந்து என் மேசையில் வைத்தார். வழக்கமாகக் கூப்பிட்டுக் கொடுப்பவர், அன்றைக்கு எழுந்து வந்தார்.

“மஹ்விஷ், இது உங்கப்பாவோடது.”

“வைங்க சார்.”

“நான் வேற யார்கிட்டயாவது குடுத்துடட்டுமான்னு யோசிச்சுண்டு இருந்தேன்.”

“எதுக்கு சார்? ஒன்பது பேர்ல அவரும் ஒருத்தர்.”

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மயிலாப்பூரிலிருந்து தினமும் பஸ்ஸில் வருகிற மனிதர், யாரிடமும் குரல் உயர்த்த மாட்டார். அவர் கண்ணாடியைத் துடைத்தால் கணக்கில் கோளாறு என்று நாலாவது மாடிக்கே தெரியும்.

“முப்பதாயிரம் வாங்கிண்டு போயிருக்கார். செலவு பதிமூவாயிரத்து சொச்சம். கையில மீதி பதினாறாயிரத்து எழுநூத்துத் தொண்ணூத்தஞ்சு இருக்கணும். கேஷ்ல கட்டினது ஒன்பதாயிரத்து எரநூத்தம்பத்தஞ்சு.”

மனக்கணக்காகவே வந்துவிட்டது. ஏழாயிரத்து ஐந்நூற்று நாற்பது குறைகிறது.

“கேட்டீங்களா சார்?”

“கேட்டேன். சம்பளத்துல பிடிச்சுக்கோங்கோங்கறார். எதுக்கு செலவாச்சுன்னு கேட்டா பதில் இல்லை. பிடிக்கறதுக்கு எனக்கு அதிகாரம் இல்லைம்மா. காரணம் இல்லாத குறைவுன்னா அண்ணாச்சிகிட்டதான் போகணும். சாயங்காலம் அஞ்சு மணிக்கு அவர் கையெழுத்துக்கு உக்காருவார். அதுக்குள்ள ஒரு வரி காரணம் எழுதி வாங்கிடு. துரைராஜ் விஷயம் உனக்கே தெரியும்.”

தெரியும். எனக்கு அப்போது பயம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. அந்த மூன்று வாரமாக எனக்கு எதுவும் வந்து சேரவில்லை. பசித்தால் சாப்பிட்டேன், பஸ் வந்தால் ஏறினேன். யாராவது தோளில் கை வைத்து அழுதால் அவர்கள் முடிக்கட்டும் என்று நின்றேன்.

என் அம்மா, வீட்டில் நாங்கள் அம்மி என்போம், இறந்து இருபத்தோரு நாள் ஆகியிருந்தது. ஆறாம் தேதி அப்பா சூரத்துக்குப் போனார். ஏழாம் தேதி ராத்திரி அம்மியைக் காய்ச்சலோடு ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். எட்டாம் தேதி போனில் அம்மியே அப்பாவிடம், சும்மா காய்ச்சல்தான், வேலையை முடித்துவிட்டு வாருங்கள் என்றாள். ஒன்பதாம் தேதி காலை பத்தரைக்குப் போய்விட்டாள். ஒரு மணிக்கு ஆதம்பாக்கம் வீட்டுக்குக் கொண்டு வந்தோம். பொழுது சாய்ந்ததும் தொழுகிற மக்ரிப் தொழுகை முடிந்ததும் அடக்கம் செய்தார்கள். அப்பா வரவில்லை. அவருக்கு டிக்கெட் கிடைக்கவில்லையாம் என்று இனாயத் மாமூ எல்லோரிடமும் சொன்னார். இனாயத் மாமூ அம்மியின் அண்ணன்.

நான் அன்றைக்கு மத்தியானம் போனில் தேடிப் பார்த்திருந்தேன். விமானத்தில் இடம் இருந்தது. நிறையவே இருந்தது. அப்பா பன்னிரண்டாம் தேதி, முன்பே எடுத்து வைத்திருந்த அதே ரயில் டிக்கெட்டில் சாவகாசமாக வந்து இறங்கினார். மூன்றாம் நாள் ஓதுவதும் முடிந்து, வாடகைப் பாத்திரம் எல்லாம் திருப்பிக் கொடுத்தாகிவிட்டது. தீபாவளி சரக்கு முக்கியம், பொண்டாட்டி சாவு அப்புறம் என்று நினைத்துக்கொண்டேன். அன்றிலிருந்து நான் அவரிடம் பேசவில்லை. சோற்றைப் போட்டுத் தட்டை முன்னால் தள்ளிவிட்டு எழுந்து போய்விடுவேன். தம்பி காஷிஃபும் அப்படித்தான். அவர் ஏன் என்று ஒரு தடவை கூடக் கேட்கவில்லை, அது எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

மற்ற குறிப்புகளை முடித்து, மத்தியானம் இரண்டரைக்கு மேல்தான் உறையைப் பிரித்தேன். அப்பாவின் கோணல் எழுத்தில் கோடு போட்ட ஒரு தாள், அதோடு ஒட்டிய பில்கள். போகவர ரயில் 3,920. அறை நாலு ராத்திரி, ஒரு ராத்திரிக்கு 1,400 வீதம் 5,600. உள்ளூர் ஆட்டோ 1,150. மாதிரித் துணி கூரியர் 1,280. சாப்பாடு 1,255. கூட்டினால் 13,205. கூட்டல் சரி. அவர் கூட்டல் என்றைக்கும் தப்பாது.

எங்கள் கடை வழக்கப்படி ஆட்டோவும் சாப்பாடும் நாள்வாரியாக எழுத வேண்டும். ஒன்றும் செலவில்லாத நாளுக்கு ஒரு கோடு போட வேண்டும், காலியாக விடக்கூடாது. இந்த இரண்டிலும் அப்பாவை மிஞ்ச ஆளில்லை. ஒரு தண்ணீர் பாட்டிலைக்கூட விடமாட்டார். ‘பாஷா பாய் தும்மினாக் கூட பில்லு வெப்பாரு’ என்று கீழே கிண்டல் செய்வார்கள். இருபத்தாறு வருடமாகக் கொள்முதலுக்குப் போகிறவர், நான் இருந்த ஏழு வருடத்தில் அவர் கணக்கில் ஒரு கோடு வந்து பார்த்ததில்லை.

ஆறாம் தேதி சாப்பாடு 310. ஏழு 420. எட்டு 465. ஒன்பதாம் தேதி காலை டிபன் 60.

அதற்குப் பிறகு ஒன்பதாம் தேதி மத்தியானம் கோடு. ராத்திரி கோடு. பத்து, மூன்று வேளையும் கோடு. பதினொன்று ரயிலில் கோடு. பன்னிரண்டு கோடு. ஆட்டோவும் ஒன்பதாம் தேதி காலையோடு நின்றுவிட்டது.

சரக்கு வாங்கத்தான் தங்கினார் என்றால் சந்தைக்கு நடந்தா போனார்? பில் தொலைந்திருக்கும், மனுஷனுக்கு வயதாகிவிட்டது என்று சலித்துக்கொண்டேன். சாப்பாடு, ஆட்டோ பில்களை மறுபடி வாங்கி வைத்தால் இந்தக் குறைவில் கொஞ்சமாவது அடையும். ஏழாயிரத்துக்கு எப்படியும் எட்டாது, ஆனால் ஏதாவது ஒன்றைச் செய்ய வேண்டும் அல்லவா. தாளை எடுத்துக்கொண்டு படியிறங்கினேன்.

அடித்தளத்தில் சரக்கு இறக்கும் இடம். அப்பா ஒரு சாக்கு மூட்டையின் மேல் உட்கார்ந்து, வந்திறங்கிய சேலைக் கட்டுகளில் சீட்டு எண்ணைச் சரிபார்த்துக்கொண்டிருந்தார். வெள்ளைச் சட்டை கழுத்தில் அழுக்கேறியிருந்தது. அம்மி இருந்திருந்தால் அப்படிப் போக விட்டிருக்க மாட்டாள். வீட்டில் நாங்கள் உருது, கடையில் தமிழ். கடையில் நானும் எல்லோரையும் போல அவரைப் பாய் என்றுதான் கூப்பிடுவேன், அது நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் விளையாட்டாக ஆரம்பித்தது.

“பாய், சாப்பாட்டு பில்லு எங்க?”

நான் பேசியதே அவருக்கு ஆச்சரியமாக இருந்திருக்கும். நிமிர்ந்து பார்த்தார்.

“கீதே, ஒட்டிக்கீறேனே.”

“ஒன்பதாம் தேதிக்கு அப்புறம் இல்ல. கோடு போட்டு வெச்சிருக்கீங்க.”

“ஆமா.”

“பில்லு தொலைஞ்சிடுச்சா?”

“இல்ல. சாப்புடல.”

“நாலு நாளா?”

“தண்ணி குடிச்சேன். ரூம்லயே இருந்துச்சு, காசு இல்ல அதுக்கு.”

நான் தாளைப் பார்த்தேன். அடுத்த கேள்வி தாளிலேயே இருந்தது, அதைக் கேட்டேன்.

“ஆட்டோ?”

“எங்க போவ சொல்ற? ரூம்லதான் இருந்தேன். பதினொண்ணாந் தேதி காலைல ஸ்டேஷனுக்கு நடந்து போனேன். பக்கம்தான்.”

“அப்போ சரக்கு?”

“பாதிதான் ஆச்சு. அண்ணாச்சிக்குத் தெரியும். நந்தனத்துல ஏஜென்ட் ஆபீஸ் கீதுல்ல, மீதிய அவன் மூலமா எடுத்துக்கலாம்னு சொல்லிட்டாரு.”

அப்படியென்றால் சரக்குக்காகத் தங்கவில்லை. மூன்று வாரமாக என்னைத் தின்றுகொண்டிருந்த கோபம் இது ஒன்றுதான். அது இல்லை என்றான பிறகு எனக்கு இன்னும் கோபம் வந்தது.

“சரி, ஏழாயிரத்து ஐந்நூத்து நாப்பது எங்க?”

“விஜயராகவன்கிட்ட சொல்லிட்டேம்மா. சம்பளத்துல புடிச்சிக்கட்டும்.”

“காரணம் இல்லாம புடிக்க முடியாது. அண்ணாச்சி மேசைக்குப் போகும். துரைராஜ் அண்ணன் மாதிரி உங்களையும் இன்னிக்கு சாயங்காலம் வீட்டுக்கு அனுப்பிடுவாங்க.”

“சொந்தச் செலவுக்கு எடுத்துக்கினேன்னு போடு.”

“என்ன சொந்தச் செலவு? நீங்க சாப்பிடவே இல்லையே!”

“போடு மஹ்விஷ். நான் கையெழுத்து போடுறேன்.”

“போட்டா திருட்டுன்னு ஆயிடும். கடைக் காசை எடுத்து சொந்தமா செலவழிச்சேன்னு நீங்களே எழுதிக் குடுக்கிற மாதிரி. இருபத்தாறு வருஷம் என்னத்துக்கு ஒவ்வொரு தண்ணி பாட்டிலுக்கும் பில்லு வெச்சீங்க? இதுக்கா?”

பக்கத்தில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்த கபாலி அண்ணன் ஒரு நிமிடம் நின்று பார்த்துவிட்டு அந்தப் பக்கம் போய்விட்டார். அப்பா சேலைக் கட்டின் சீட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு ஒரே வழிதான் தெரிந்தது. ஐந்து மணிக்குள் அந்தப் பணத்தைக் கேஷில் கட்டிவிட்டால் கணக்கு நேராகிவிடும், யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள். போனை எடுத்தேன்.

“யாருக்கு?”

“மாமூவுக்கு. ஏழாயிரத்து ஐந்நூறு ஜிபேல போடச் சொல்றேன். சம்பளம் வந்ததும் குடுத்துடலாம்.”

“வேணாம்.” எழுந்துவிட்டார். என் கையைப் பிடித்தார். “அவர்கிட்ட வேணாம். போனை வை.”

“ஏன்?”

“அவரண்ட இன்னொரு தபா கை நீட்டாத. ஆஸ்பத்திரிக்கு ஒரு லட்சத்துப் பத்தாயிரம் கட்டிக்கீறாரு. போதும். வை சொல்றேன்.”

“அப்போ காசு எங்கன்னு சொல்லுங்க. இல்லன்னா இப்பவே போடுவேன்.”

அவர் என் கையை விட்டுவிட்டு மறுபடி மூட்டை மேல் உட்கார்ந்தார். சட்டைப் பையிலிருந்து மூக்குக்கண்ணாடிக் கூட்டை எடுத்துத் திறந்தார். அதில் எட்டாக மடித்த ஒரு சீட்டு. என்னிடம் கொடுத்துவிட்டுக் கீழே பார்த்துக்கொண்டார்.

சூரத்தில் ஒரு டிராவல்ஸ்காரர் கொடுத்த ரொக்க ரசீது. ஒன்பதாம் தேதி, பகல் 12.50. சூரத்–சென்னை, ஒரு நபர், மாலை 6.15 புறப்பாடு, இரவு 8.30 வருகை. ரூ.10,180, ரொக்கம். அதன் கீழேயே பேனாவில்: ரத்து, 3.35 மணி, திருப்பித் தந்தது ரூ.2,640. நஷ்டத்தை நான் கழித்துப் பார்க்கத் தேவையே இல்லை. கழித்தேன்.

“டிக்கெட் எடுத்தீங்களா?”

“எடுத்தேன்.”

“அப்புறம் ஏன் ரத்து பண்ணீங்க?”

“போன் போட்டேன். எட்டரைக்கு மீனம்பாக்கம், ஒம்போதுக்கு வூட்ல இருப்பேன், அதுவரைக்கும் வெச்சிருங்கன்னேன். உங்க மாமூ, மக்ரிப்புக்கு எடுத்துடறோம்னாரு. ராத்திரில அடக்கம் பண்ற கபரஸ்தான்ல வெளிச்சம் இல்ல, ஆளுங்க வந்து காத்துக்கினு கீறாங்க, மையத்து உடம்பை லேட் பண்ணக்கூடாதுன்னாரு. அவர் சொன்னதும் சரிதான்.”

“ரெண்டு மணி நேரம், மூணு மணி நேரம் காத்திருக்க முடியாதா? நீங்க சொல்லலையா?”

“சொன்னேன். ரெண்டு தபா சொன்னேன். அப்புறம் அவர், எல்லாத்தையும் நான்தானே பாத்துக்கினு கீறேன், இதையும் என்கிட்ட விட்டுடுங்கன்னாரு. காசு கட்டினவரு. நான் இன்னா பேசறது?”

எனக்கு அந்த நேரம் ஞாபகம் இருக்கிறது. மாமூ போனைக் காதில் வைத்துக்கொண்டு வாசலுக்குப் போனதைப் பார்த்தேன். யார் என்று நான் கேட்கவில்லை. உள்ளே வந்து டிக்கெட் கிடைக்கலையாம் என்றார், நான் தலையாட்டினேன். வந்தவர்களுக்குத் தண்ணீர் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். ஒரு வார்த்தை, அப்பா என்ன சொன்னார், போனை என்னிடம் கொடுங்கள் என்று கேட்டிருந்தால் போதும். நான் கேட்கவில்லை. கேட்கவில்லை என்பது எனக்கு அங்கே, அந்த அடித்தளத்தில், வெட்கமாக இருந்தது. கோபத்தைத் தவிர, மூன்று வாரத்தில் எனக்கு முதலில் வந்த உணர்ச்சி அந்த வெட்கம்தான்.

“அப்பவும் வந்திருக்கலாம்ல. அடக்கம் முடிஞ்சாலும் அன்னிக்கு ராத்திரியே வந்திருக்கலாம்.”

“வந்து? அவ இல்ல. கடைக் காசு வேற. ரத்து பண்ணா கொஞ்சமாச்சும் திரும்ப வரும்னு டிராவல்ஸ்காரன் சொன்னான். பண்ணிட்டேன். அப்புறம் ரூமுக்குப் போய்ப் படுத்தேன். எழுந்திருக்க முடியல. பதினொண்ணாந் தேதி ரயிலுக்கு எழுந்தேன்.”

“எங்ககிட்ட ஏன் சொல்லல?”

“சொன்னா நீயும் காஷிஃபும் மாமூவண்ட சண்டைக்குப் போவீங்க. உன் கோவம் எனக்குத் தெரியாதா? அவர் இல்லன்னா உங்கம்மாவை ஆஸ்பத்திரில சேத்தே இருக்க முடியாது. என்மேல கோவமா இருந்துட்டுப் போங்க, அது எனக்கொண்ணும் இல்ல.”

அது ஒன்றும் இல்லையாம். பதினெட்டு நாள் தட்டைத் தள்ளிவிட்டுப் போனதை அவர் இப்படிக் கணக்குப் பார்த்து வைத்திருந்தார். அங்கேயே கத்த வேண்டும் போல இருந்தது. யாரிடம் என்று தெரியவில்லை. மாமூவிடமா, அவரிடமா, என்னிடமா. கத்தவில்லை. மணி மூன்றேகால். குறிப்பு தட்டச்சாக வேண்டும்.

“வாங்க மேல,” என்றேன்.

நாலாவது மாடியில் என் பக்கத்தில் ஒரு ஸ்டூலைப் போட்டு அவரை உட்கார வைத்தேன். தட்ட ஆரம்பித்தேன். பெற்ற முன்பணம் ரூ.30,000. ஆன செலவு, பில் எண் 1 முதல் 23 வரை, ரூ.13,205. கேஷில் கட்டிய மீதி ரூ.9,255, ரசீது எண்ணோடு. கட்டாமல் நிற்பது ரூ.7,540. அதற்குக் காரணம் என்ற இடத்தில் கை நின்றது.

“நானே சொல்றேன், எழுதிக்கோ,” என்றார். “டிக்கெட் எடுத்தேன், அப்புறம் மனசு மாறிடுச்சு, ரத்து பண்ணிட்டேன்.”

“அப்படி எழுத மாட்டேன்.”

“யார் பேரும் வேணாம் மஹ்விஷ். அண்ணாச்சி படிப்பாரு. உங்க மாமூ பேரு கடைக் காயிதத்துல வரக்கூடாது.”

பேர் வராமல் எழுதுவதுதான் எனக்குக் கைவந்த வேலை. ‘09ஆம் தேதி என் மனைவி காலமானதை அடுத்து, சென்னை திரும்ப விமானச் சீட்டு எடுத்தேன். நான் வந்து சேரும் நேரத்துக்கு முன்பாகவே அடக்கம் நடத்த முடிவானதால் சீட்டு ரத்து செய்யப்பட்டது. ரத்துக் கட்டணம் ரூ.7,540. ரசீது இணைப்பு 24.’ தட்டிவிட்டுப் படித்துப் பார்த்தேன். ஒரு பிழை இல்லை. முடிவானது என்று இருந்தது, யார் முடிவு செய்தார்கள் என்று இல்லை. இப்படி எத்தனை பேருக்கு எத்தனை வரி எழுதிக் கொடுத்திருப்பேன்.

அப்பாவிடம் வாசித்துக் காட்டினேன். அவர் பேனாவைக் கேட்டார். அ. அன்வர் பாஷா என்று தமிழில் கையெழுத்துப் போட்டார்.

விஜயராகவன் சார் குறிப்பை வாங்கி நின்றுகொண்டே படித்தார். ரசீதைத் திருப்பிப் பார்த்தார், நேரம் எழுதியிருந்த இடத்தில் விரலை வைத்தார். பிறகு உட்கார்ந்துவிட்டார்.

“பாய், இதை முதல்லயே சொல்லக்கூடாதோ? நான் உங்களைப் போய் என்னென்னவோ நினைச்சுண்டேன்.”

“பரவால்ல சார்.”

“விமானம் உங்க தகுதியில வராது. முன்அனுமதியும் இல்லை. நான் கடைச் செலவா எழுத முடியாது, அண்ணாச்சியே நினைச்சாலும் ஆடிட்டர் விடமாட்டார். பிடிச்சுதான் ஆகணும். மூணு மாசத் தவணையா எழுதறேன். சரியா?”

“சரி சார்.”

“காரணம் இருக்கு, ரசீது இருக்கு. இனிமே இதுல எந்தத் தப்பும் இல்லை. நீங்க போங்கோ.”

அவ்வளவுதான். ஐந்தே காலுக்கு அண்ணாச்சி கையெழுத்தோடு தாள் திரும்பி வந்தது. ஒரு வார்த்தை கூடுதலாக எழுதவில்லை, ஒரு கேள்வியும் இல்லை. நான் கணினியில் பதிவு போட்டேன். முன்பணக் கணக்கில் அன்வர் பாஷா என்ற பேருக்கு எதிரே முப்பதாயிரம் பூஜ்யமானது. ஏழாயிரத்து ஐந்நூற்று நாற்பது சம்பளப் பிடித்தத்துக்கு மாறியது. வேலை போகவில்லை, பேரும் போகவில்லை. எனக்குச் சந்தோஷமாக இருந்திருக்க வேண்டும்.

ஆறரைக்குப் பையை எடுத்துக்கொண்டு இறங்கினேன். இரண்டாவது மாடிப் படித் திருப்பத்தில் அப்பா நின்றிருந்தார். எனக்காகத்தான் நின்றிருக்கிறார். சேலை வாங்க வந்த கூட்டம் எங்களைத் தள்ளிக்கொண்டு ஏறியது, நாங்கள் சுவரோரமாக ஒதுங்கினோம். அவர் கண்ணாடிக் கூட்டைக் கையில் வைத்து மூடித் திறந்துகொண்டிருந்தார்.

“ஒண்ணு கேக்கணும்,” என்றார். கடையில் ஒரு நாளும் பேசாத உருதுவில் கேட்டார். “நான் யார்கிட்டயும் கேக்கல. யாரும் என்கிட்ட பேசல, அதனால கேக்கல.”

“கேளுங்க அப்பா.”

“கஃபன் துணில மூடறதுக்கு முன்னாடி கடைசியா முகம் காட்டுவாங்களே. நீ பாத்த இல்ல? அவ முகம் எப்படி இருந்துச்சு?”

அவர் என் முகத்தையே பார்த்தார். பதினெட்டு நாளாக இதை வைத்துக்கொண்டு சோற்றுத் தட்டின் முன்னால் உட்கார்ந்திருந்திருக்கிறார். எல்லோருக்கும் வரி எழுதிக் கொடுக்கிறவள் நான், இவருக்கு ஒரு நல்ல வரி சொல்லியிருக்கலாம். தூங்குகிற மாதிரி இருந்தது, வெளிச்சமாக இருந்தது என்று எதையாவது. வாய் வரைக்கும் வந்தது. சொல்ல முடியவில்லை.

நான் பார்த்தேன். எல்லோருக்கும் முதலில் என்னைத்தான் கூப்பிட்டார்கள், குனிந்து பக்கத்தில் பார்த்தேன். பச்சைக் கரை போட்ட கோரைப்பாய் ஞாபகம் இருக்கிறது, யாரோ ஊதுவத்தியை என் கையில் கொடுத்தது ஞாபகம் இருக்கிறது, மாமூவின் செருப்பு கூட ஞாபகம் இருக்கிறது.

“பாத்தேன் அப்பா,” என்றேன். “ஆனா ஞாபகம் இல்ல. எவ்வளவு யோசிச்சாலும் அம்மி முகம் வர மாட்டேங்குது.”

அவர் தலையாட்டினார். சரி என்று விஜயராகவன் சாரிடம் சொன்ன அதே மாதிரி, சரி என்றார். பிறகு என் பையை வாங்கித் தன் தோளில் மாட்டிக்கொண்டு முன்னால் இறங்கினார்.